ஏழாம் விபரம்

மாத்தளை–ரத்தோட்டை தனியார் பஸ் ஒன்றில் மஹ்ரூப் கண்டக்டராக ஏறிப் பதினாறு வருஷம். ஆளைவிட அவர் வாய்க்குத்தான் ரோட்டில் பேர் அதிகம். மற்றக் கண்டக்டர்மார் மாதிரி வெறுமனே "உள்ளுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷனா அவர்? "பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க, பின்னால கல்யாண வீடே நடத்தலாம், அவ்வளவு எடம்" என்பார். தினமும் தூங்கி வழியும் கந்தோர்க்காரருக்கு 'நைட் டியூட்டி' என்று பேர் வைத்தார். பெரிய மீசைக்காரர் ஏறினால் "வழி விடுங்க, பொலிஸ் வருது" என்பார். நெரிசலில் வியர்த்து ஒழுகும் சனம் கூட சிரித்துவிடும். சிரிக்க வைக்கிற வாய் நல்ல வாய்தானே என்று மஹ்ரூப் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த வாய் அடைத்துப்போனது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். எட்டாம் தரம் படிக்கும் ஒரே மகள் ரிஸ்லாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். டிஸ்பென்சரி டொக்டர் சோதனைத் துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு, "சலத்துல கிருமி. பிள்ள பகல்ல தண்ணி குடிக்கிறல்லையா? ஸ்கூல்ல பாத்ரூம் போறல்லையா?" என்று கேட்டார். பிள்ளை தரையைப் பார்த்தது. தண்ணீர்ப் போத்தல் தினமும் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பி வருவதை உம்மா ஸக்கியா கவனித்திருக்கிறாள். மறந்துவிட்டுக் குடிக்காமல் வருகிறாள் என்றுதான் நினைத்தாள்.

ஸக்கியா அவளைக் கரைத்தெடுக்க இரண்டு நாள் பிடித்தது. தலைக்கு எண்ணெய் வைத்து, கஞ்சி ஊட்டி, கேட்காமல் கேட்டு, சனிக்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. அவள் வகுப்பில் யஹ்யா என்று ஒருவன், கூட மூன்று பொடியன்மார். வகுப்பு மேல்மாடியில், பாத்ரூம் கீழே. இடைவேளையில் படிக்கட்டு வளைவில் நின்று ரிஸ்லாவை மறிப்பார்களாம். "எறங்குற எடம் இன்னும் வரல்ல" என்று சொல்லி மணி அடிக்கும் வரைக்கும் விடமாட்டார்களாம். அதற்குப் பிறகு பிள்ளை ஒரு யோசனை கண்டுபிடித்தது. தண்ணீரே குடிக்காவிட்டால் கீழே போகத் தேவையில்லை அல்லவா.

மஹ்ரூப் எழும்பி ஷேர்ட்டைப் போட்டார். "எந்த ஊட்டுப் பொடியன் அவன்? இப்பவே போறேன்."

ரிஸ்லா படுத்த இடத்திலிருந்தே ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். காய்ச்சல் கை, சுட்டது. "வாப்பா, நீங்க போகக்கூடாது. ஸ்கூலுக்கும் வந்து சத்தம் போடக்கூடாது. வந்தீங்கண்டா நான் அந்த ஸ்கூலுக்கு இனிப் போகவே மாட்டேன்."

"ஏன் மகள்?"

அவள் பிடித்த கையை விடவில்லை. மஹ்ரூப் ஷேர்ட்டைக் கழற்றினார். பெற்ற பிள்ளை வேண்டாம் என்று சொன்னபிறகு வீரம் காட்டுகிறவன் ஒரு வாப்பாவா?

பஸ்ஸோட்டுகிற லெட்சுமணனிடம் போனில் சொன்னபோது அவன், "போய் ரெண்டு சத்தம் போடுங்க நானா, உங்களுக்கா பேச்சு வராது?" என்றான். ஸக்கியா வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குரூப்பில் போடலாமா என்று கேட்டாள். "நீங்க ஒண்டு. அதுல போட்டா பத்து நிமிஷத்துல ரத்தோட்ட வரைக்கும் போயிடும். பிள்ளட மானம்தான் கப்பல் ஏறும்" என்றார் மஹ்ரூப். கடிதம் எழுதினால் பிள்ளை கையில் கொடுத்தல்லவா அனுப்ப வேண்டும்? கடைசியில் தேர்ச்சி அறிக்கையின் அடியில் பள்ளிக்கூடத்தின் மின்னஞ்சல் முகவரி பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை ஸக்கியாதான் கண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மஹ்ரூப் லீவு போட்டார். அஸர் தொழுதுவிட்டுப் போனை எடுத்து உட்கார்ந்தார். முதலில் வந்தது என்ன தெரியுமா? 'நீங்கள் நடத்துவது பாடசாலையா மாட்டுப்பட்டியா' என்று தொடங்கிப் பெருவிரல் வலிக்கும் வரைக்கும் வசவு. எழுதி முடித்தபோது நெஞ்சு குளிர்ந்தது. திரும்ப வாசித்தபோது சிரிப்பு வந்தது, கசந்த சிரிப்பு. ஏனென்றால் இந்த மாதிரிக் கடிதங்களின் கதி அவருக்கு நல்லாய்த் தெரியும்.

கண்டக்டர்மேல் முறைப்பாடு வராத பஸ் உண்டா? எல்லாம் பஸ் சங்கத்துக்கு வரும். செயலாளர் அப்துல் ஸமத் நானா வாசிப்பார். 'திமிர் பிடித்தவன், காட்டுமிராண்டி' என்று நாலு பக்கம் எழுதினவர்களின் கடிதம் அன்றைக்கே வடை சுற்றப் போகும். எந்தப் பஸ், எத்தனை மணி என்று ஒன்றும் இருக்காதே, யாரைப் பிடித்து என்ன கேட்பது? ஆனால் நாலு வருஷத்துக்கு முந்தி இராமையா என்று ஒரு ஓய்வுபெற்ற தபால் கந்தோர்க்காரர் அரைப் பக்கம் எழுதினார். பஸ் இலக்கம், தேதி, நேரம், எந்த ஹோல்ட்டில் ஏறினார், கண்டக்டர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் இருந்தவர் பேர், தான் கேட்பது என்ன, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அந்த அரைப் பக்கத்துக்கு மஹ்ரூப் ஒரு கிழமை பஸ்ஸில் ஏற முடியாமல் வீட்டில் இருந்தார். மனுஷன் பேனையால் அல்ல, ஊசியால் எழுதியிருந்தார்.

எழுதின வசவையெல்லாம் அழித்துவிட்டு மஹ்ரூப் மகளைக் கூப்பிட்டார். "மகள், பக்கத்துல இரிங்க. வாப்பா ஒவ்வொண்டாக் கேக்கிறேன். எந்த நாள், எத்தன மணி, என்ன சொன்னான். தெரியாட்டித் தெரியாதுண்டு சொல்லுங்க. கூட்டிச் சொல்லவும் வேணாம், கொறச்சுச் சொல்லவும் வேணாம்."

நாள் சொன்னாள், நேரம் சொன்னாள். என்ன சொன்னான் என்ற இடத்தில்தான் வாய் ஒட்டிக்கொண்டது. போர்வை நுனியை முறுக்கினாள். மஹ்ரூப் காத்திருந்தார். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"நான் வகுப்புக்குள்ள போற நேரம் கதவடியில நிண்டு... 'பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க, பின்னால கல்யாண வீடே நடத்தலாம்' எண்டு சொல்றாங்க. எல்லாரும் சிரிக்கிற."

மஹ்ரூப்பின் விரல் போனில் அப்படியே நின்றது. அவருடைய வார்த்தை. அவருடைய ராகம் கூட. பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம் என்று சொன்னாள் என்பது அப்போதுதான் விளங்கியது. வாப்பா வந்து கத்துவார் என்ற பயம் இல்லை அது. வாப்பாவின் காதில் இது விழக்கூடாது என்ற பயம். தன் பிழைப்பை வைத்துத் தன் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கேட்கும்போது ஒரு மனுஷனுக்கு எங்கே வலிக்கும் என்று எழுதிக் காட்ட முடியாது. ஆனால் அவர் எழுத வேண்டியிருந்தது அந்த வார்த்தையைத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் மின்னஞ்சல் போனது. இப்படி:

"பொருள்: தரம் 8 'பி' மாணவி ம. ரிஸ்லா சம்பந்தமான முறைப்பாடு.

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் மேற்படி மாணவியின் தகப்பன். கீழே உள்ளவை மகள் என்னிடம் சொன்னவை. நான் கண்ணால் கண்டவை அல்ல.

1. ஜூன் 5 திங்கள் காலை 7.20க்கு அதே வகுப்பு மாணவன் யஹ்யாவும் வேறு மூவரும் வகுப்பு வாசலில் நின்று 'பின்னுக்குப் போங்க, பின்னால கல்யாண வீடே நடத்தலாம்' என்று கூறினர். இது நான் பஸ்ஸில் சொல்லும் வார்த்தை. நான் கண்டக்டர். இது அன்றிலிருந்து தினமும் நடக்கிறது.

2. ஜூன் 7 புதன். கொப்பித் தாளை டிக்கெட் மாதிரி வெட்டி மகளின் பர்தாவில் பின்னால் குத்தினர். ஊசி கழுத்தில் கீறியது.

3. ஜூன் 8 முதல் இடைவேளையில் படிக்கட்டில் மறித்து, மணி அடிக்கும் வரை பாத்ரூமுக்குப் போக விடவில்லை. நான்கு நாள் நடந்தது.

4. ஜூன் 13 செவ்வாய். பையை மேல்மாடியிலிருந்து கீழே போட்டனர். சாப்பாட்டுப் பெட்டி உடைந்தது. படம் இணைத்துள்ளேன்.

5. மகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியதால் நோய் வந்தது. டொக்டரின் துண்டுச் சீட்டு இணைத்துள்ளேன்.

6. ஜூன் 14 முதல் மகள் பாடசாலைக்கு வரவில்லை. வரப் பயப்படுகிறாள்.

நான் கேட்பது: இரு பக்கப் பிள்ளைகளையும் தனித்தனியே விசாரிக்கவும். மகளை வகுப்பிலோ காலைக் கூட்டத்திலோ எழுப்பிக் கேட்க வேண்டாம். இடைவேளையில் படிக்கட்டில் ஓர் ஆசிரியர் நிற்க ஒழுங்கு செய்யவும். எடுத்த நடவடிக்கையை ஜூன் 23 வெள்ளிக்கு முன் எனக்கு அறிவிக்கவும். நான் அந்த மாணவனிடமோ அவர் பெற்றோரிடமோ பேசவில்லை, பேசவும் மாட்டேன். பாடசாலை பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்."

திங்கட்கிழமை பஸ் மாத்தளை ஸ்டாண்டில் நிற்கும்போது பதில் வந்தது. எழுதியது மத்திய பிரிவின் பகுதித் தலைவர் சரோஜாதேவி டீச்சர். முறைப்பாட்டுப் பதிவேட்டில் பதிந்தாயிற்று, நாளைக்கு வகுப்பாசிரியையோடு மாணவர்களைத் தனித்தனியே விசாரிப்போம், ரிஸ்லாவிடம் பேச அவள் உம்மாவோடு வந்தால் போதும், வகுப்புக்குப் போகத் தேவையில்லை, படிக்கட்டுக்கு இன்றிலிருந்தே ஆள் போட்டிருக்கிறோம், வியாழன் பதினொரு மணிக்கு நீங்கள் வாருங்கள் என்று எழுதியிருந்தது. மஹ்ரூப் அதை மூன்று தரம் வாசித்தார். அன்றைக்கு ரத்தோட்டை போய் வரும் வரைக்கும் அவர் ஒரு பகிடியும் விடவில்லை. 'நைட் டியூட்டி' கூடத் தூக்கத்திலிருந்து எழும்பி, "என்ன நானா, சுகமில்லையா?" என்று கேட்டார்.

வியாழன் அவர் சலவை செய்த ஷேர்ட் போட்டுக்கொண்டு போனார். மகளிடம் முதல் நாளே உத்தரவு வாங்கியிருந்தார். "சத்தம் போட மாட்டீங்களே?" "போட மாட்டேன்." "சத்தியமா?" "வல்லாஹி."

சரோஜாதேவி டீச்சர் ஐம்பது வயதுக்காரி, தடித்த கண்ணாடி. மேசையில் அவருடைய மின்னஞ்சல் அச்சடித்து, கோப்பில் கோத்து இருந்தது. "உக்காருங்க. மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். இப்படி ஒரு முறைப்பாடு எனக்கு வந்ததில்ல. நாளும் நேரமும் இருந்ததால நாலு பேரையும் கேக்க எனக்குச் சுலபமா போச்சு. நாலு பேரும் ஒத்துக்கிட்டாங்க. யஹ்யாவோட பெற்றோர காலையில கூப்பிட்டுப் பேசிட்டேன். எழுத்துல எச்சரிக்கை, அவங்க கையெழுத்து. பொடியன வேற வகுப்புக்கு மாத்துறோம். ரெண்டு கெழமைக்கு ஒருக்கா நான் ரிஸ்லாவக் கூப்பிட்டு விசாரிப்பேன். மறுபடியும் நடந்தா ஒழுக்காற்றுக் குழுவுக்குப் போகும்."

மஹ்ரூப்புக்குக் கண் கலங்கியது. "பெரிய உதவி, டீச்சர்" என்றார்.

டீச்சர் எழும்பவில்லை. கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். "ரெண்டு பக்கமும் விசாரிக்கச் சொல்லி நீங்கதான் எழுதியிருந்தீங்க. அதனால இதையும் நீங்க கேக்கணும். இது யஹ்யா எழுதிக் குடுத்தது. அவன் செஞ்சத இது சரியாக்காது. அத அவன்கிட்டயும் சொல்லிட்டேன்." கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வாசித்தார்.

"'நான் களுதாவளையில ஏறுற. ரிஸ்லாட வாப்பா என்ன மூட்ட எண்டுதான் கூப்பிடுற. ஜூன் ரெண்டாம் தேதி பஸ் நெறஞ்சி இருந்த நேரம், மூட்ட ஏறுது, மூட்டைக்கு ரெண்டு டிக்கெட் போடணும், இல்லாட்டி மேல கெரியர்ல ஏத்தணும் எண்டு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்ச. எங்கட வகுப்புப் பொடியன்மாரும் இருந்த. அண்டையில இருந்து ஸ்கூல்ல எல்லாரும் என்ன மூட்ட எண்டுதான் கூப்பிடுற. நான் இப்ப நடந்துதான் வார.'"

மஹ்ரூப் நினைவைத் தோண்டிப் பார்த்தார். ஜூன் இரண்டு வெள்ளிக்கிழமை. ஒன்றும் அகப்படவில்லை. தடிச்ச ஒரு பொடியன், பெரிய பை, அது கூட மங்கலாய்த்தான் வந்தது. ஒரு நாளைக்கு நூறு பகிடி விடுகிற வாய்க்கு எது எங்கே போய் விழுந்தது என்று எப்படித் தெரியும்? அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு பிள்ளையின் மேல் கல் எறிந்துவிட்டு, எறிந்ததே ஞாபகம் இல்லாமல் இருந்திருக்கிறார்.

"எனக்கு ஞாபகம் இல்ல, டீச்சர்" என்றார். "ஆனா அது என்ட பேச்சுத்தான். பொடியன் பொய் சொல்லல்ல." பிறகு, "அவன்கிட்ட நான் மாப்புக் கேக்கலாமா?" என்றார்.

"அவனக் கேட்டுத்தான் சொல்லணும்" என்று டீச்சர் எழும்பிப் போனார். ஐந்து நிமிஷத்தில் தனியே திரும்பி வந்தார். "இப்ப வேணாம்னு சொல்றான். வற்புறுத்த வேணாம். நீங்க சொல்ல நெனைக்கிறத எழுதி அனுப்புங்க, கோப்புல அவனோட தாளுக்குப் பக்கத்துல வைக்கிறேன். பிறகு அவன் பாடு."

பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குக் கால் மணி நேர நடை. மஹ்ரூப் ஒரு மணி நேரம் நடந்தார். கோயில் பக்கம் சுற்றி, கடைத்தெருவில் ஏறி இறங்கி. பிள்ளைக்கு நடந்ததெல்லாம் தன் நாக்கிலிருந்து முளைத்தது என்று அவளிடமே எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் டீச்சர் சொல்லப்போவதில்லை. ஸக்கியாவுக்கும் தெரியாது. நல்ல வாப்பாவாகவே இருந்துவிடலாம். அப்படி ஒரு எண்ணம் வந்தது என்று பிறகு அவரே சொல்லி வெட்கப்பட்டார்.

ரிஸ்லா காய்ச்சல் விட்டு, கட்டிலில் சாய்ந்து கொப்பி பார்த்துக்கொண்டிருந்தாள். மஹ்ரூப் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் எடுத்த முடிவையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் முகம் மெல்லத் தெளிந்தது. "அப்ப திங்கக்கிழம நான் போறேன்" என்றாள்.

"இன்னொண்டும் இருக்கு, மகள்." "அந்தப் பொடியன் ஏன் தொடங்கினான் தெரியுமா? வாப்பாதான் பஸ்ஸில அவன..."

"மூட்ட எண்டு சொன்னீங்க. தெரியும், வாப்பா."

"தெரியுமா?"

"மொதல் நாளே அவன் சொன்ன. ஒங்கட வாப்பா எனக்குச் செஞ்சத நான் ஒனக்குச் செய்வேன் எண்டு."

மஹ்ரூப் அவளையே பார்த்தார். "அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல்ல? அத்தன கேட்டேனே, நாளும் நேரமும்."

"நீங்க அவன் என்ன சொன்னாண்டுதான் கேட்டீங்க. ஏன் சொன்னாண்டு கேக்கல்லயே." கொப்பியை மூடி வைத்தாள். "சொன்னா நீங்க பஸ்ஸில பேசுறத்த நிப்பாட்டிடுவீங்க. பொறகு வீட்டிலயும் பேசாம இருப்பீங்க. எனக்கு அது ஏலா."

மஹ்ரூப்புக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, தகப்பன் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத் தாகத்தை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன தண்டனை வேண்டும், என்ன கொடை வேண்டும்?

போனை எடுத்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தே எழுதினார். இந்தத் தரம் ஒரு வார்த்தையும் அழிக்கத் தேவைப்படவில்லை.

"ஜூன் 18ஆம் தேதி நான் அனுப்பிய முறைப்பாட்டில் விடுபட்டது:

7. ஜூன் 2 வெள்ளி காலை, மேற்படி மாணவன் யஹ்யாவை நான் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் 'மூட்டை' என்று கூப்பிட்டுச் சிரிக்க வைத்தேன். அதற்கு முன்பும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். இது எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் இது உண்மை. இனி எந்தப் பிள்ளைக்கும் நான் பட்டப்பேர் வைக்க மாட்டேன். அவர் எப்போது விரும்பினாலும் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கத் தயார். அவர் விரும்பாவிட்டால் வரமாட்டேன்."

ரிஸ்லா வாங்கி வாசித்தாள். "நீங்க கேட்டா அவன் மாப்புத் தருவானா?"

"இண்டைக்குத் தரமாட்டேண்டுட்டான்."

"நானும் இன்னும் அவனுக்குக் குடுக்கல்ல" என்றாள். போனை அவர் கையில் திரும்ப வைத்தாள். "ஒங்களுக்கு மொதல் நாளே குடுத்துட்டேன், வாப்பா."